மறுத்த பிறகு வரும் கடன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. சனிக்கிழமை மாலை கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்பியாக வேண்டும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும், அந்தச் செலவு கம்பெனியின் தலையில். இந்த நேரத்தில் பிளாட்லாக் டெய்லர் ஒருவர் மேனேஜரிடம் வருகிறார். ஞாயிறு காலை தேனிப் பக்கத்துக் கிராமத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் அவர்தான். சீர்த்தட்டு வாங்க வேண்டும், சொந்தங்களை அழைக்க வேண்டும். வியாழன் முதலே லீவு கேட்கிறார்.

டி-சர்ட்டின் கீழ்மடிப்பும் கைமடிப்பும் பிளாட்லாக் மெஷினில்தான் ஓடும். மற்ற தையல் முடிந்து கடைசியாக வரும் வேலை கீழ்மடிப்பு. அங்கே ஒருவர் குறைந்தால் செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் காத்து நிற்கும். அதனால் மேனேஜர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மறுப்பதற்கு முன் அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்த விசேஷத்தில் தள்ளிப்போடக்கூடியது எது, தள்ளவே முடியாதது எது? சீர் வாங்குவதைத் தம்பியிடம் விடலாம். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேறொருவரை விட முடியாது. மாமன் மடி காலியாக இருந்தால் அந்தக் குறை குடும்பத்தில் பல வருடம் பேசப்படும். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் 'லீவு கிடையாது' என்று சொல்பவர், தான் எதை மறுக்கிறோம் என்றே அறியாமல் மறுக்கிறார்.

இருப்பதிலேயே கொடுமையான பதில் 'பார்க்கலாம்' என்பதுதான். கேட்கும்போது இதமாக இருக்கும். ஆனால் அந்த டெய்லர் ஊருக்குப் போனில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாமல் நான்கு நாள் தவிப்பார், மாற்று ஏற்பாட்டுக்கான நேரமும் கரைந்துவிடும். 'நீ இல்லாட்டி இங்க ஒண்ணுமே ஓடாது தம்பி' என்ற புகழ்ச்சியும் இதே வகைதான். கம்பெனியின் சுமையைப் பாசத்தின் பெயரால் அவர் தோளில் ஏற்றுகிறது. கேட்ட அன்றே, உள்ள காரணத்தைச் சொல்வதே மரியாதை: 'வியாழன், வெள்ளி, சனி தர முடியாதுப்பா. சனிக்கிழமை ராத்திரி பஸ்ஸுக்கு நீ கண்டிப்பாப் போற. திங்கள், செவ்வாய் இருந்துட்டு வா.'

இப்படி மறுக்கும் அதிகாரம் வரம்பில்லாதது அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு, பதினைந்து நாள் முன்பே எழுதிக் கேட்ட சம்பள விடுப்பை நிர்வாகம் தன் இஷ்டத்துக்கு மறுக்க விடவில்லை. உடல்நலக் குறைவுக்கு அந்தக் கெடுவும் இருக்கவில்லை. மிச்ச விடுப்பை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முப்பது நாள் என்று உச்சவரம்பு வைத்த அதே பிரிவு, கேட்டும் தரப்படாத விடுப்புக்கு அந்த வரம்பு கிடையாது என்றது. மறுக்கப்பட்ட நாள் அழிவதில்லை, நிர்வாகத்தின் கணக்கில் கடனாக நிற்கிறது என்பதே அதன் பொருள். சம்பள விடுப்பே எட்டாத பீஸ் ரேட் டெய்லருக்கும் இந்த நியாயம் பொருந்தத்தான் வேண்டும்.

உண்மையான சோதனை சனிக்கிழமை நான்கு மணிக்கு வருகிறது. இன்ஸ்பெக்ஷனில் கீழ்மடிப்பில் தையல் விட்டுப்போன பீஸ்கள் அகப்படுகின்றன. அறுநூறு பீஸைப் பிரித்துத் திரும்ப அடிக்க வேண்டும். 'இன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும்' என்ற சொல் மேனேஜரின் நாக்கு நுனிவரை வரும். முதல் மூன்று நாளை மறுத்ததற்கு இருந்த நியாயம் இந்தக் கேள்விக்கு இல்லை. அந்த மூன்று நாளை விட்டுக்கொடுத்தபோது டெய்லர் தன் பங்கைச் செலுத்திவிட்டார், மிச்சம் இருப்பது மேனேஜரின் பங்கு. பக்கத்துத் தெரு ஜாப் ஒர்க் யூனிட்டில் கூடுதல் கூலி கொடுத்து இரவில் அடிக்கச் சொல்லலாம். கண்டெய்னரைச் சில மணி நேரம் நிறுத்திவைக்க முடியுமா என்று கேட்டு, தாமதத்துக்கான பேச்சை முதலாளியிடம் தானே வாங்கிக்கொள்ளலாம். இரண்டும் பலிக்காமல் சரக்கு விமானத்தில் போக நேர்ந்தாலும், அந்த நஷ்டத்தைக் காதுகுத்தோடு சேர்த்து எடைபோடக் கூடாது. வாக்குக் கொடுத்த அன்றே அந்த எடைபோடல் முடிந்துவிட்டது.

ஷிப்மென்ட் வாரத்தில் தையல் விட்டுப்போகும் அளவுக்கு மெஷினில் ஊசி எப்போது தேய்ந்தது, அதை யார் பார்க்காமல் விட்டார் என்பதையும் அன்றிரவே கேட்டாக வேண்டும். பழுது பராமரிப்பில் என்றால் அதற்கு ஊருக்குப் போகிறவரின் ஞாயிற்றுக்கிழமை ஈடாகாது. ஆறு மணிக்கு அவர் மெஷினை அணைத்துவிட்டுக் கோவில்வழி பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பும்போது, பிரிக்க வேண்டிய பண்டல்கள் அவர் கண்ணில் படாமல் இருக்காது. 'அதை நாங்க பாத்துக்கறோம், நீ கிளம்பு' என்று மேனேஜர் சொல்ல வேண்டும். ஞாயிறு முழுக்க அவருக்குப் போன் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.