நிலைப்படிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம்?

என் மகளுக்குப் பதினான்கு வயதானபோது எங்கள் மணலி வீட்டின் தெருப்பக்கச் சன்னலின் கீழ்க்கதவுகளை ஆணியடித்து மூடினேன். மேல்கதவுகள் இரண்டும் திறந்தே இருந்தன. காற்றுக்குக் குறைவில்லை, வெளிச்சத்துக்கும் குறைவில்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆலைகளின் வேலை முறை மாறும் நேரங்களில் தெருவில் ஆண்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். பெண்பிள்ளை சன்னலில் நிற்பது நன்றாயிராது என்பது என் எண்ணம். அவள் ஒன்றும் கேட்கவில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று மேல்கதவு வழியே பார்த்தாள். சில நாள்களில் அந்த நாற்காலியையும் எடுத்துவிட்டேன்.

இது நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு கவிஞர் சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்னும் புதினத்தைப் படித்தேன். 2004ஆம் ஆண்டு காலச்சுவடு வெளியீடாக வந்த நூல் அது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, பதின்மூன்றாம் வயதில் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு, திருமணம் வரை வீட்டுக்குள் வைக்கப்பட்டவர். மணமான பிறகும் பிறர் அறியாமல்தான் எழுதினார். கவிதைகளை அவருடைய தாயார் வெளியே கொண்டுபோய் அஞ்சலில் சேர்த்தார். 'சல்மா' என்பதே எழுதுகிறவர் யாரென்று வீட்டாருக்குத் தெரியாதிருக்க வைத்துக்கொண்ட புனைபெயர். எனவே அவர் எழுதும் சன்னலும் கதவும் கற்பனையில் செய்த அலங்காரங்கள் அல்ல. அவை அவர் நாள்தோறும் தொட்டுப் பார்த்த மரமும் இரும்புமாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சிறைப்பட்டோர் கதையில் வரும் ஒவ்வொரு கதவையும் குறியீடு என்று கொள்வது எளிது. அவ்வாறு கொண்டால் எதுவும் விளங்காது. வீடென்று இருந்தால் கதவு இருக்கத்தான் செய்யும். ஒரு கதவு எப்போது பொருள் பெறுகிறது என்பதை மூன்று கேள்விகளால் அறியலாம். அதைத் திறக்க உரிமையுள்ளவர் யார்? எந்த நேரத்தில் அது திறக்கிறது? அதைக் கடந்தவருக்குப் பிறகு என்ன நேர்கிறது? இம்மூன்றையும் மனத்திற்கொண்டு இப்புதினத்தைப் படித்தால், ஆசிரியர் எங்கும் விளக்கம் சொல்லாமலே ஓர் ஊரின் நீதிமுறை கண்முன் விரியும்.

முதலில் நிலைப்படி. இப்புதினத்தில் மிகுதியாக நடமாடுபவள் ராபியா என்னும் சிறுமி. பெரியவர்களின் கதையை ஒரு குழந்தையை முன்னிறுத்தி ஏன் சொல்ல வேண்டும்? அந்த ஊரில் எல்லா வாசல்களையும் தாண்டக்கூடிய பெண்பிறவி அவள் ஒருத்திதான் என்பதே விடை என்று நினைக்கிறேன். பருவம் அடைந்த பெண் வெளியே போக இயலாது. ஆண் வெளியே போகலாம், ஆனால் பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் உள்ளறையின் பேச்சு அவன் காதில் விழாது. ராபியாவோ தெருவிலும் இருக்கிறாள், அடுப்படியிலும் இருக்கிறாள். தோழர் தோழியரோடு திரைப்படம் பார்க்கவும் ஒளிந்து போகிறாள், அதற்காகத் தண்டனையும் பெறுகிறாள். அவள் ஓடித் திரியும் ஒவ்வொரு பக்கத்திலும் வாசகர் மனத்தில் ஓர் அச்சம் கூடவே ஓடுகிறது. இவளுக்கு இன்னும் எத்தனை மாதம்? நிலைப்படி இங்கே இடத்தின் எல்லை மட்டுமன்று, காலத்தின் எல்லையும் ஆகிறது. நேற்று வரை வெறும் மரச்சட்டமாய்க் காலுக்குக் கீழே கிடந்தது, ஓர் நாள் காலையில் மதிலாய் எழுந்து நிற்கிறது. மரம் மாறவில்லை. அவள் உடல் மாறியது, அவ்வளவே.

திருமணம் இந்த மதிலைத் திறக்கும் என்ற நம்பிக்கையையும் புதினம் விட்டுவைக்கவில்லை. ராபியாவின் உறவுப்பெண் வஹிதா மணமகளாகிச் சிக்கந்தர் வீட்டுக்குப் போகிறாள். ஒரு வீட்டு வாசலிலிருந்து இன்னொரு வீட்டு வாசலுக்குப் போகிறாளேயன்றி, வெளி என்று ஒன்று அவளுக்கு வாய்க்கவில்லை. காவல் மட்டும் கைமாறுகிறது.

அடுத்தது கதவு. ராபியாவின் தந்தை கரீம், மாரியாயி என்ற இந்துப் பெண்ணோடு உறவு வைத்திருக்கிறார். இது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். அவர் போகிறார், வருகிறார், வந்தால் கதவு திறக்கிறது. மறுபுறம் ராபியாவின் சிற்றன்னை பிர்தவ்ஸ். மண இரவிலேயே தன்னால் அந்தக் கணவனோடு வாழ இயலாதென்று மறுத்துத் தாய் வீடு திரும்பியவள். அவளுக்குச் சிவா என்ற இந்து இளைஞனோடு நேசம் உண்டாகிறது. இருவர் செய்ததையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். சமய எல்லையைத் தாண்டியது இரண்டிலும் ஒன்றே. குடும்பத்தார் ஏற்காத உறவு என்பதும் ஒன்றே. ஆனால் கரீமுக்கு அது பழக்கம், பிர்தவ்ஸுக்கு அது மரணம். ஒரே கதவுதான், அகலமும் ஒன்றுதான். ஆணுக்கு இருபுறமும் திறக்கும் கதவு, பெண்ணுக்கு ஒரே ஒருமுறை வெளிப்புறமாகத் திறந்து, பிறகு என்றென்றைக்குமாய் மூடிக்கொள்கிறது. ஒழுக்கத்தைக் காக்கத்தான் கதவு வைத்தோம் என்று அந்த ஊர் சொல்லுமானால், கரீமின் போக்குவரத்து அந்தச் சொல்லைப் பொய்யாக்கிவிடுகிறது. அந்தக் கதவு ஒழுக்கத்தைக் காக்கவில்லை, பெண்ணை மட்டுமே காத்து நின்றது.

இனித்தான் கடினமான இடம் வருகிறது. பிர்தவ்ஸுக்கு நஞ்சு கொடுப்பவர் தந்தையல்லர், ஊர்ப் பெரியவர்களும் அல்லர். பெற்ற தாய் ஆமினா. குடும்ப மானம் தெருவுக்கு வந்துவிடும் என்ற நிலையில் அந்த முடிவுக்கு வருகிறாள். இதைப் படித்தபோது முதலில் எனக்குச் சினம் வந்தது. பிறகு ஒரு கேள்வி எழுந்தது. அந்த வீட்டின் தாழ்ப்பாள் உண்மையில் யார் கையில் இருந்தது? ஆண்கள் பெரும்பாலும் கடையிலும் வெளியூரிலும் இருக்கிறார்கள். அன்றாடம் கதவைச் சாத்துவதும், குரலை அடக்கு என்பதும், முக்காட்டைச் சரிசெய் என்பதும் பெண்களே. காவலரும் அடைபட்டவரும் அங்கே ஒருவரே. வெளியே ஒரு நாளும் போய் வாழ்ந்திராத ஆமினாவுக்கு, வெளியே போன மகள் எப்படி உயிரோடிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கவும் வழியில்லை. அவள் செய்தது கொலை. அதை வேறு சொல்லால் மெழுக முடியாது. ஆயினும் அவள் கையைத் தண்டித்துவிட்டு, அந்தக் கையில் தாழ்ப்பாளைக் கொடுத்து வைத்தவர்களைக் குற்றமற்றவர்களாய் அனுப்பிவிட்டால் நீதி பாதியில் நின்றுவிடும். சட்டம் கையைத் தேடும். மனச்சான்று கை வரை நீளும் கயிற்றையும் தேட வேண்டும்.

மூன்றாவது சன்னல். சன்னல் விடுதலையின் சின்னம் என்பது பொதுவான கருத்து. இப்புதினம் அதை அவ்வளவு எளிதாக ஏற்கவிடாது. கதவு முழு உடலையும் வெளியே விடும் அல்லது முழுவதும் தடுக்கும். சன்னலோ கண்ணை மட்டும் வெளியே விட்டு உடலை உள்ளே வைத்துக்கொள்ளும். அது அடைபட்டவருக்கு ஆறுதல். அடைத்தவருக்கோ, 'காற்று வருகிறதே, வெளிச்சம் வருகிறதே' என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு. மேலும், உள்ளிருந்து பார்க்கப் பழகிய கண் காலப்போக்கில் வேவு பார்க்கவும் பழகுகிறது. வெளியுலகம் முழுவதும் ஒரு தெருவாகச் சுருங்கியவர்களுக்கு எதிர்வீட்டு நடமாட்டமே உலகச் செய்தி. பிர்தவ்ஸின் உறவு தெரியவரும்போது, கணவனின் கள்ள உறவால் தானே காயப்பட்டிருக்கும் வஹிதாகூட அவளுக்கு ஆறுதலாகவில்லை, கடுமையாகவே நடந்துகொள்கிறாள். துன்பம் மனிதரை எப்போதும் இரக்கமுள்ளவராக்கும் என்பதற்கு உறுதியில்லை. சன்னலில் நீண்டகாலம் நின்றவர் சிலர் கவிஞராகிறார்கள், சிலர் ஒற்றராகிறார்கள். சல்மா முதல் வகையினர். 2001ஆம் ஆண்டு பொன்னம்பட்டிப் பேரூராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு அவர் கதவு வழியாகவே வெளியே வந்தார். அந்தப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்ததால்தான் குடும்பம் அவரை நிற்கச் செய்தது என்பதையும் மறக்கலாகாது. கதவைத் திறந்தது மனமாற்றமன்று, ஒரு சட்டம்.

இது முஸ்லிம் வீட்டுக் கதை, நமக்கென்ன என்று எந்த வாசகரேனும் எண்ணினால், அவருக்கு ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' புதினத்தை நினைவூட்டுவேன். 1964இல் வெளிவந்த அந்நூல் குமரி மாவட்டத்துக் கிறித்தவக் குடும்பம் ஒன்றின் கதை. அதில் லிஸி என்னும் சிறுமியும் பெரியவளானதும் பள்ளி நிறுத்தப்பட்டு வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள். பனையேறியின் மகன் தங்கராஜ் மீது அவள் கொண்ட அன்பும் எத்தனையோ அடைப்புகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது. இன்னும் பின்னோக்கிப் போனால், நம் அகப்பாடல்களுக்குத் துறை வகுத்தவர்கள் இதற்கு 'இற்செறிப்பு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். மகளின் காதல் தெரிந்ததும் தாய் அவளை வீட்டுக்குள் செறித்து வைப்பது. ஆகவே இது ஒரு சமயத்தின் கண்டுபிடிப்பு அன்று. தமிழர் இல்லம் நெடுங்காலமாய் அறிந்த தாழ்ப்பாள். ஒவ்வொரு சமயமும் அதைத் தன் மொழியில் ஆசீர்வதித்து வைத்துக்கொண்டது என்பதே உண்மை. லிஸிக்குத் திருமணம் வாய்க்கிறது, பிர்தவ்ஸுக்கு நஞ்சு வாய்க்கிறது. முடிவு வேறு, ஆனால் உள்ளே வைத்த காரணம் ஒன்றே.

அச்சத்தால் கதவைப் பூட்டியவர்களை நம் மறைநூலும் அறியும். உயிர்ப்பு நாளின் மாலையில் சீடர்கள் பூட்டிய அறைக்குள்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் தம் உயிருக்கு அஞ்சித் தம்மைத் தாமே பூட்டிக்கொண்டவர்கள். நாம் நம் அச்சத்துக்காகப் பிறரைப் பூட்டுகிறோம். காவல் எது, சிறை எது என்று பிரித்தறிய எனக்கு இன்று தெரிந்த அளவுகோல் இது ஒன்றே. உள்ளே இருப்பவரால் அந்தத் தாழ்ப்பாளைத் தானே திறக்க முடியுமானால் அது காவல். முடியாதென்றால், எவ்வளவு அன்போடு பூட்டியிருந்தாலும், அது சிறை.

மணலியில் காற்றில் நெடி ஏறும் இரவுகளில் இப்போதும் எல்லா வீட்டிலும் சன்னலைச் சாத்துகிறோம். நெடி தணிந்ததும் சாத்தியவரே திறக்கிறார். அது காவல். நான் அடித்த ஆணியை என் மகள் திறந்திருக்க முடியாது. கடந்த ஆண்டு பேத்தியோடு வந்திருந்தாள். குழந்தை கீழ்க்கதவைத் தள்ளிப் பார்த்து, "தாத்தா, இது ஏன் திறக்கல?" என்று கேட்டது. என் மகள் என் முகத்தைப் பார்த்தாள், பதிலை என்னிடமே விட்டுவிட்டாள். ஆணி துருவேறி மரத்தோடு ஒட்டிப்போயிருந்தது. அதைப் பிடுங்கியபோது சட்டத்தில் ஒரு துண்டு பெயர்ந்து வந்துவிட்டது. கதவு இப்போது திறக்கிறது. பெயர்ந்த இடத்தை நான் இன்னும் அடைக்கவில்லை.