நெஞ்சு சொல்வதெல்லாம் நியாயமா?

சில ஆண்டுகளுக்கு முன் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் ஒரு மனிதரைச் சந்தித்தேன். சாமை விளையும் சரிவில் சிறிது நிலமும் நான்கு ஆடுகளும் அவருடைய சொத்து. அன்று இரண்டு ஆடுகளைச் சந்தைக்கு ஓட்டிப்போகக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, அவசரமாகப் பணம் வேண்டுமோ?" என்றேன்.

"கடன் சார். கீழே கரும்பு வெட்டப் போன எடத்துல வாங்கினது. கொடுக்காம வந்துட்டேன். ராத்திரியில தூக்கம் வரல. நெஞ்சு உறுத்துது."

கதை மெல்ல வெளிவந்தது. மகளின் வைத்தியத்துக்காக ரூ. 20,000 முன்பணம் வாங்கியிருக்கிறார். அதற்காக அவரும் மனைவியும் ஏழு மாதம் சமவெளியில் கரும்பு வெட்டினார்கள். வாரம் ரூ. 600 சாப்பாட்டுச் செலவுக்கு; கூலியென்று வேறு எதுவும் கையில் தரவில்லை. ஊர்த் திருவிழாவுக்குக்கூட அனுப்பவில்லை. காய்ச்சலில் படுத்த நாட்களும் அவர் கணக்கில் ஏறின. ஏழாவது மாதம் கணக்குப் பார்த்தபோது கடன் ரூ. 27,000 என்றார்களாம். பிறகு அதிகாரிகள் வந்து, விசாரித்து, விடுதலைச் சான்றிதழ் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். சட்டப்படி அவருக்குக் கடனே இல்லை. ஆனால் மனச்சாட்சிப்படி அவர் கடன்காரர். அதனால்தான் ஆடுகளை விற்கப் புறப்பட்டிருந்தார்.

நம்மில் யாரிடம் கேட்டாலும், "மனச்சாட்சி சொல்வதைக் கேள், தவறு வராது" என்றே சொல்வோம். நான் எழுதிய கதைகளிலும் எத்தனையோ பாத்திரங்கள் மனச்சாட்சியின் குரல் கேட்டுத் திருந்தியிருக்கிறார்கள். ஆனால் அன்று அந்தக் கயிற்றைப் பார்த்தபோது எனக்கு ஐயம் பிறந்தது. இந்த நல்ல மனிதரின் மனச்சாட்சி இவருக்கு வழிகாட்டுகிறதா, அல்லது இவரைக் கட்டிப்போட்டவர் விட்டுச் சென்ற காவலாளா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளுக்கு நாளொன்றுக்கு ரூ. 300 என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். இருவருக்கும் மாதம் 25 நாட்களுக்கு ரூ. 15,000. சாப்பாட்டுக்குக் கொடுத்ததில் மாதம் ரூ. 2,400 கழித்தால் மீதி ரூ. 12,600. அப்படியானால் வாங்கிய கடன் இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிட்டது. மிச்சமுள்ள ஐந்து மாத உழைப்புக்கு, காய்ச்சல் நாட்களைக் கழித்தாலும், அறுபதாயிரத்துக்குக் குறையாமல் அந்த முதலாளிதான் இவருக்குத் தரவேண்டும். கடன்காரர் யார் என்பதே தலைகீழாக இருக்கிறது!

அவருடைய மனச்சாட்சி எங்கே பிழை செய்தது என்று கவனியுங்கள். வாங்கியதைத் திருப்பிக் கொடு என்ற அறம் தவறல்ல. தன் கை வாங்கியதை மட்டும் எண்ணவும், தன் கை கொடுத்ததை எண்ணாமல் விடவும் அந்த மனச்சாட்சி பழக்கப்பட்டிருந்ததுதான் தவறு.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1859-இல் ஆங்கில அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால், மாஜிஸ்திரேட் அவனைப் பணத்தைத் திருப்பித் தரவோ வேலையை முடிக்கவோ கட்டளையிடலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. அறுபது ஆண்டுகளுக்கும் மேல் அந்தச் சட்டம் இருந்தது. 1976-இல் வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டமோ அதை அப்படியே புரட்டிப் போட்டது. கொத்தடிமைக் கடன் அழிந்துவிட்டது. அழிந்த அந்தக் கடனுக்காகப் பணம் வாங்குகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை. கடன் கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொன்னால், அல்லவென்று மெய்ப்பிப்பது கொடுத்தவர் பொறுப்பு. தாளில் எழுதிய சட்டம் ஒரு நாளில் மாறியது. பாட்டன் நெஞ்சில் எழுதியது பேரன் நெஞ்சில் இன்னும் அழியவில்லை.

மார்க் ட்வெயினின் ஹக்கிள்பெரி ஃபின் என்ற சிறுவனை நாவல் படிப்பவர்கள் அறிவார்கள். அடிமை ஜிம் தப்பியோட உதவுகிறான் அவன். அதற்காகத் தன்னைப் பாவி என்று நினைத்து நடுங்குகிறான். அடிமையை உடைமையாக எண்ணும் ஊர் அவனை அப்படி வளர்த்திருக்கிறது. அவனைக் காப்பாற்றுவது மனச்சாட்சி அல்ல, நண்பன் மேல் உள்ள இரக்கம். ஆகவே இரக்கத்தையே நம்பலாமே என்று தோன்றும். நான் அதையும் நம்பத் தயங்குகிறேன். நம் கரும்பு முதலாளியும், "பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்றபோது நான்தானே கொடுத்தேன்" என்று உண்மையாகவே நினைத்திருக்கக்கூடும். இரவில் நிம்மதியாக உறங்கியிருப்பார். மனச்சாட்சி உறுத்துவது குற்றத்துக்குச் சான்று அல்ல என்பதைவிட, அது உறுத்தாமலிருப்பது குற்றமின்மைக்குச் சான்று அல்ல என்பது நமக்கு இன்னும் முக்கியம். நாமெல்லாம் பெரும்பாலும் உறங்குகிற கட்சி.

அப்படியானால் மனச்சாட்சியைத் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. கோணலான தராசை உடைத்தெறிந்தால் கையில் தராசே இராது. அதை நீதிபதியின் ஆசனத்திலிருந்து இறக்கிச் சாட்சிக் கூண்டில் நிறுத்தவேண்டும் என்பதுதான் என் எண்ணம். சாட்சி சொல்வதைக் கேட்கவேண்டும்; குறுக்கு விசாரணையும் செய்யவேண்டும். இந்த உறுத்தலை எனக்குக் கற்பித்தது யார்? நான் இதற்குப் பணிந்தால் ஆதாயம் யாருக்கு? உண்மைக் கணக்கு என்ன? இந்த மூன்றையும் கேட்டபின் நான்காவதாக ஒன்று: இந்த விஷயத்தில் வலியை அனுபவித்தவர் என்ன சொல்கிறார்?

நான்காவது கேள்வியை நான் கேட்கவில்லை. அது தானாகவே வந்தது. வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி முறத்தை வைத்துவிட்டுச் சொன்னார்:

"இவருக்கு அந்த ஆளு கடன்தான் நெஞ்சை உறுத்துது சார். ஏழு மாசம் நானும் வெட்டினேனே, எனக்கு யார் கடன்காரன்? பொண்ணு பள்ளிக்கூடம் நின்னுபோச்சே, அது உறுத்தலையா?"

அவர் தலைகுனிந்தார். பணத்துக்காக ஏழு மாதம் உறுத்திய நெஞ்சு, மனைவியின் உழைப்புக்காகவும் மகளின் படிப்புக்காகவும் ஒரு நாளும் உறுத்தவில்லை. அதற்கு அது பழக்கப்படுத்தப்படவில்லை. என் கணக்கிலும் அந்தப் பெண்ணின் கூலி இருந்தது, அவர் பங்கென்று தனியே நான் பிரித்துப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் உணர்ந்தேன். வளர்ப்பின் கோணல் மலையில் மட்டும் இல்லை.

நான் காகிதத்தில் கணக்கை எழுதிக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். "புரியுது சார்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா இன்னும் உறுத்துதே" என்றார்.

இதற்கு என்னிடம் மருந்து இல்லை. அறிவு ஒரு மணி நேரத்தில் ஒப்புக்கொள்வதை நெஞ்சு ஒப்புக்கொள்ள ஆண்டுகள் ஆகலாம். அதுவரை உறுத்தலைச் சுமந்துகொண்டே சரியானதைச் செய்யவேண்டியிருக்கிறது. அது கடினம், உறுத்தல் போனபிறகு செய்யலாம் என்று காத்திருப்பவர் ஒருநாளும் செய்யமாட்டார்.

"உறுத்தட்டும் பெரியவரே. ஆடு மட்டும் இங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் பதில் சொல்லவில்லை. நான் புறப்படும்போது அந்த அம்மாள் திண்ணையிலிருந்த கயிற்றை எடுத்து உள்ளே கொண்டுபோனார். அவர் தடுக்கவில்லை.