கிளிக் பண்ணாதவருக்கு என்ன மிஞ்சுது? சொற்பொழிவு கிளிப்புக்குத் தலைப்பும் தம்ப்நெயிலும்



இந்தப் பதிவு கொஞ்சம் வித்தியாசமானது. நம்மில் பலர் கோயில்ல நடக்கிற சொற்பொழிவை போன்ல எடுத்து, பத்து நிமிஷமா வெட்டி யூடியூப்ல போடுறோம். பழைய கேசட்ல இருந்த வாரியார் சுவாமிகள் பேச்சையும் சிலர் வெட்டிப் போடுறாங்க. அப்போ எல்லாருக்கும் வர்ற கேள்வி ஒண்ணுதான். நல்லபடியா தலைப்பு வச்சா யாரும் பார்க்க மாட்டேங்கிறாங்க. பரபரப்பா வச்சா மனசு உறுத்துது. இதுக்கு நடுவுல வழி இருக்கா?

இருக்கு. ஆனா அதைக் கண்டுபிடிக்க, முதல்ல ஒரு கணக்கைப் பார்த்துடணும்.

யூடியூப் ஸ்டூடியோல "Impressions click-through rate" னு ஒரு எண் காட்டும். உங்க தம்ப்நெயில் பாதிக்கு மேல திரையில தெரிஞ்சு, ஒரு நொடிக்கு மேல நின்னா அது ஒரு இம்ப்ரெஷன். அப்படி நூறு தடவை தெரிஞ்சதுல எத்தனை தடவை கிளிக் ஆச்சுங்கிறதுதான் அந்த எண். யூடியூப் தன் உதவிப் பக்கத்துல சொல்றபடி, பாதி சேனல்களுக்கும் வீடியோக்களுக்கும் இது 2 முதல் 10 சதவீதத்துக்குள்ள இருக்கும். நல்லா ஓடுற வீடியோன்னே வச்சுக்குவோம், 10 சதவீதம். அப்பவும் நூறு தடவை கண்ணுல பட்டதுல தொண்ணூறு தடவை யாரும் உள்ள வரல. படத்தைப் பார்த்தாங்க, தலைப்பைப் படிச்சாங்க, விரலைத் தள்ளிட்டுப் போயிட்டாங்க.

வாட்ஸ்அப்லயும் இதே கதைதான். லிங்க்கை குரூப்ல போட்டா முன்னாடி தெரியுறது படமும் தலைப்பும். மொரப்பூர் ஸ்டேஷன்ல ரயிலுக்கு நிக்கிறவர் அதைப் பார்ப்பார், "அரோகரா" னு ஒரு பதில் போடுவார், போனைப் பாக்கெட்ல வச்சுக்குவார். வீடியோவைத் திறந்திருக்கவே மாட்டார்.

அவரைப் பொறுத்தவரை அந்தச் சொற்பொழிவு என்பது அந்தத் தலைப்பு மட்டும்தான். அதனால "கிளிக் வாங்கித் தருமா?" என்ற கேள்வியோட இன்னொண்ணையும் கேட்கணும். கிளிக் பண்ணாம போறவர் மனசுல இது எதை விட்டுட்டுப் போகும்? தலைப்பு கிளிக் பண்ணினவருக்கு மட்டும் உண்மையா இருந்தா பத்தாது, பண்ணாதவருக்கும் உண்மையா இருக்கணும். என் வாதம் இதுதான்.

ஒரு உதாரணத்தை முழுசா எடுத்துப் பார்ப்போம். கந்த சஷ்டி சமயத்துல ஒருத்தர் சூரசம்ஹாரம் பேசுறார்னு வைங்க. அதுல பத்து நிமிஷம் நம்ம கையில இருக்கு. சூரபத்மன் கடைசியில மாமரமா நிக்கிறான். முருகன் விட்ட வேல் அதை ரெண்டாப் பிளக்குது. ஒரு பாதி மயிலாகவும் ஒரு பாதி சேவலாகவும் வருது. மயிலை வாகனமாகவும் சேவலைக் கொடியாகவும் முருகன் ஏத்துக்கிறார். கச்சியப்ப சிவாச்சாரியாரோட கந்தபுராணம் சொல்ற கதை இதுதான். பேசுறவர் அதுக்கு மேல ஒரு விளக்கம் தர்றார்: முருகன் அழிச்சது சூரனோட ஆணவத்தை, ஆளை இல்ல. அதனாலதான் எதிரியைத் தூக்கி எறியாம தன் பக்கத்துலயே வச்சுக்கிட்டார்.

இதுக்கு நாலு விதமா தலைப்பு வைக்கலாம்.

முதல் தலைப்பு: "சூரசம்ஹாரம், சொற்பொழிவு, பகுதி 7". பொய் எதுவும் இல்ல. ஆனா இதை நேர்மையான தலைப்புன்னு நான் சொல்ல மாட்டேன். உள்ள இருக்கிற அந்த அருமையான விளக்கத்தை இது மூடி வச்சிடுது. "சூரசம்ஹாரம்தானே, தெரியும்" னு எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க. பேசினவரோட உழைப்பு வீணாப் போகுது. சுவாரசியம் இல்லாம வச்சா புனிதமா இருக்கும்னு நாம நினைச்சுக்கிறோம், பல நேரம் அது வெறும் சோம்பல்தான்.

இரண்டாவது: "சூரன் சாகவே இல்லையா?! மறைக்கப்பட்ட உண்மை!" இதுல பாதி சரி, அதனாலதான் ஆபத்து. மறைச்சது யாரு? மயில் வாகனமும் சேவல் கொடியும் முருகன் கோயில்கள்ல எல்லார் கண்ணு முன்னாடியும் இருக்கு. கதை புராணத்துலயே இருக்கு. "மறைக்கப்பட்ட" ங்கிற ஒரே சொல், இதுவரை நமக்குக் கதை சொன்ன பாட்டியில இருந்து ஓதுவார் வரைக்கும் எல்லார் மேலயும் ஒரு சந்தேகத்தைப் போடுது. திறக்காம போறவர் மனசுல தங்குறது அந்தச் சந்தேகம் மட்டும்தான்.

மூணாவது: "இதைக் கேட்டால் 24 மணி நேரத்தில் எதிரி ஒழிவான்!" மத்த மூணையும் விட இதுக்குக் கிளிக் அதிகமா வரக்கூடும். ஆனா பேசினவர் சொன்னதுக்கு இது நேர் எதிர். அவர் எதிரியை ஏத்துக்கிறதைப் பத்திப் பேசுறார், நாம எதிரியை ஒழிக்கிறதா விக்கிறோம். விஷயம் மலிவாப் போறது இங்கதான். தலைப்பு முருகனைப் பத்தியோ சூரனைப் பத்தியோ எதுவும் சொல்லல. பார்க்கிறவரோட பயத்தைப் பத்தி மட்டும்தான் பேசுது.

நாலாவது: "தோற்ற சூரனை முருகன் ஏன் தன் கொடியில் வைத்தார்?" நான் இதைத்தான் எடுப்பேன். காரணம் சொல்றேன். இதுல விஷயம் வெளியிலயே இருக்கு. சூரன் தோத்தான், கொடியில இருக்கான், அவ்வளவும் தலைப்புலயே வந்துடுச்சு. திறக்காம போறவரும் ஒரு உண்மையை எடுத்துட்டுப் போறார். ஒருவேளை அடுத்த தடவை கோயில்ல சேவல் கொடியைப் பார்க்கும்போது அவருக்கு அது ஞாபகம் வரலாம். உள்ள வச்சிருக்கிறது "ஏன்" மட்டும். நான் பிடிச்சுக்கிற விதி இதுதான்: விஷயத்தை மறைக்காதே, காரணத்தை மட்டும் உள்ளே வை. காரணத்துக்கு எப்படியும் பத்து நிமிஷம் வேணும், தலைப்புல அடங்காது. அதை உள்ள வைக்கிறது ஏமாத்து ஆகாது.

இனி படம். பலர் தலைப்புல எழுதினதையே தம்ப்நெயில்லயும் பெருசா எழுதுறாங்க. அது இடத்தை வீணாக்குறது. ரெண்டும் ஜோடி. ஒண்ணு கேட்டா இன்னொண்ணு ஒரு அடி முன்னால போகணும். நம்ம கிளிப்புக்கு, முருகன் கையில இருக்கிற சேவல் கொடி மட்டும் நெருக்கமா தெரியுற படம், அது மேல "இந்தச் சேவல் யார்?" னு மூணு சொல். கண்ணு முதல்ல படத்துக்குப் போகும், கேள்வி பிறக்கும். கீழ தலைப்புல "அது சூரன்" னு தெரிய வரும், உடனே "ஏன்?" னு அடுத்த கேள்வி. படம், தலைப்பு, கிளிப், மூணும் ஒரே நூல்ல கோர்த்த மாதிரி வரும்.

செய்யும்போது கவனிக்க ரெண்டு சின்ன விஷயம். படத்தோட வலது கீழ் மூலையில யூடியூப் வீடியோ நேரத்தைப் போடும், அங்க எழுத்தையோ வேல் நுனியையோ வைக்காதீங்க. தலைப்புக்கு 100 குறிதான் அனுமதி, அதுல தமிழ் சீக்கிரம் தீர்ந்துடும். "முருகன்" நமக்கு 4 எழுத்து, கணினிக்கு 7 குறி, கொம்பும் புள்ளியும் தனித்தனியா எண்ணப்படுது. மேலே சொன்ன நாலாவது தலைப்பு 46 குறி. போன்ல நீளமான தலைப்பு பாதியில வெட்டுப்படும்கிறதால, முக்கியமான சொல் முன்னாடி வரட்டும்.

பேசுறவர் முகத்தைப் படமா வைக்கிறதுன்னா, எந்த நொடியைப் பிடிக்கிறோம்னு பாருங்க. ரெண்டு மணி நேரப் பேச்சுல ஏதோ ஒரு சொல்லுக்கு வாய் திறந்து கண் உருட்டின ஒரு ஃப்ரேம் கிடைக்கும். அதை வச்சா அவர் கோபமா யாரையோ திட்டுற மாதிரி இருக்கும். அந்த முகம் அவரோடதுதான், ஆனா அந்தக் கோபம் அவரோடது இல்ல.

கிருபானந்த வாரியார் விஷயத்துல இது இன்னும் கனமான பொறுப்பு. 1906ல காங்கேயநல்லூர்ல பிறந்து 1993ல மறைஞ்சவர். நாம வைக்கிற தலைப்பைப் பார்த்து "தம்பி, நான் அப்படிச் சொல்லலியே" னு சொல்ல அவர் இல்ல. அவரும் கூட்டத்தைப் பிடிச்சு வச்சவர்தான். முன்னாடி உட்கார்ந்திருக்கிற குழந்தைங்ககிட்ட கேள்வி கேட்பார், சிரிக்க வைப்பார். ஆனா கேட்ட கேள்விக்கு அங்கேயே பதில் கிடைச்சிடும். ஆர்வத்தைத் தூண்டுறது தப்பே இல்ல, தூண்டின ஆர்வத்துக்குச் சோறு போடணும். அதனால நான் வைக்கிற சோதனை இது: பேசினவர் நாம வச்ச தலைப்பை மேடையில வாசிச்சுட்டு, அதே பேச்சைக் கூச்சமில்லாம ஆரம்பிக்க முடியுமா? "தோற்ற சூரனை ஏன் கொடியில் வைத்தார்?" னு ஆரம்பிக்கலாம். "24 மணி நேரத்தில் எதிரி ஒழிவான்" னு ஆரம்பிச்சா அடுத்த வாக்கியம் வராது.

வாக்கு தவறினா அது எண்ணுலயும் தெரியும். கிளிக் சதவீதம் உயரமா இருந்து, ரிட்டென்ஷன் கிராஃப் முதல் 30 நொடியில சரிஞ்சு, அப்புறம் எழவே இல்லைன்னா, வந்தவங்க தேடினது உள்ள இல்ல. ஆனா அவசரப்பட்டுத் தலைப்பைக் குத்தம் சொல்லாதீங்க. முதல்ல சரிஞ்சு, நாலாவது நிமிஷத்துல ஒரு மேடு தெரிஞ்சா, ஜனங்க அங்க தாவிப் போய்க் கேட்டிருக்காங்க. தலைப்பு சரி, கிளிப்பை வெட்டினது சரியில்ல. அந்தக் கேள்வி அரை நிமிஷத்துக்குள்ள வர்ற மாதிரி ஆரம்பத்தை மாத்தினா போதும்.

யூடியூப்ல தம்ப்நெயிலை ஒப்பிட்டுப் பார்க்கிற வசதி இருக்கே, மூணு தம்ப்நெயில் வரைக்கும் போட்டுப் பார்த்தா அதுவே ஜெயிச்சதைச் சொல்லிடுமேன்னு கேட்பீங்க. அது கிளிக்கை வச்சு முடிவு பண்றதில்ல, பார்த்த நேரத்தை வச்சுப் பண்ணுது. அது நல்லதுதான். ஆனா நம்ம மாதிரி சில நூறு பேர் பார்க்கிற சேனலுக்கு முடிவே வராம போகலாம். வந்தாலும், அது பார்த்தவங்களை மட்டும்தான் எண்ணும். தாண்டிப் போன தொண்ணூறு பேர் எதை நம்பிட்டுப் போனாங்கன்னு எந்த டேஷ்போர்டும் காட்டாது.

"எப்படியோ முருகன் பேர் நாலு பேர் காதுல விழுந்தா சரி" னு சில அண்ணன்மார் சொல்றாங்க. அந்த ஆசை எனக்குப் புரியுது. ஆனா எதிரியை ஒழிக்கணும்னு வந்தவர் இருபது நொடியில வெளிய போயிடுறார், காதுல எதுவும் விழல. வராதவர் கண்ணுல விழுந்தது, முருகன்னா எதிரியை ஒழிக்க ஒரு சுருக்கு வழிங்கிறதுதான். பேர் பரவிச்சு, ஆனா வேற ஒருத்தரோட பேரா.

சஷ்டிக்கு நீங்க போடப் போற கிளிப்புக்குத் தலைப்பு எழுதினதும், வீடியோவைப் பார்க்காத ஒருத்தர்கிட்ட படத்தையும் தலைப்பையும் மட்டும் காட்டுங்க. "இதுல இருந்து உங்களுக்கு என்ன புரிஞ்சுது?" னு கேளுங்க. அவர் சொல்றது பேச்சுல இருந்தா, அப்லோடு பண்ணுங்க.

வேலும் மயிலும் துணை.