காற்புள்ளியின் விலை

ஆங்கிலத்தில் வெகுகாலமாகப் புழங்கும் துணுக்கு ஒன்று உண்டு. வெளியூர் போன மனைவி ஒரு கைவளையைப் பார்த்து ஆசைப்படுகிறாள். விலையைச் சொல்லி, வாங்கலாமா என்று கணவனுக்குத் தந்தி கொடுக்கிறாள். கணவன் எழுதும் பதில்: 'நோ, பிரைஸ் டூ ஹை.' வேண்டாம், விலை மிக அதிகம். தந்தி போய்ச் சேரும்போது அதில் காற்புள்ளி இல்லை. 'நோ பிரைஸ் டூ ஹை.' எந்த விலையும் அதிகமில்லை என்று பொருள் தலைகீழாகிவிடுகிறது. அவள் வாங்கிவிடுகிறாள். சொல்பவருக்குத் தக்கபடி ஊரும் விலையும் மாறும். காற்புள்ளி தொலைவது மட்டும் மாறாது.

இதைச் சிறுகதையாக எழுத மூன்று முறை முயன்றிருக்கிறேன். என் கதையில் அவள் உடனே வாங்குவதில்லை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு மறுபடியும் தந்தி அலுவலகத்துக்குப் போய், 'நீங்கள் கருதியது என்ன?' என்று கேட்டு அனுப்புகிறாள். மூன்று முறையும் கதை இந்த இடத்தில் நின்றுபோயிற்று. அவள் ஏன் கேட்கிறாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

துணுக்கில் வரும் மனைவி குற்றமற்றவள். அவளுக்கு ஒரே ஒரு பொருள்தான் தெரிந்தது, தெரிந்தபடி நடந்தாள். கேட்பதற்கு அவளிடம் கேள்வியே இல்லை. என் கதையின் மனைவியோ இரண்டு பொருளையும் பார்த்துவிட்டவள். பார்த்த கணத்திலேயே அவளுடைய வெகுளித்தனம் போய்விட்டது. இனி அவள் வாங்கினால், எழுத்தில் அனுமதி இருந்தாலும், அது ஏமாற்று. கேட்டாலோ வளை கிடைக்காது என்பது ஏறக்குறைய நிச்சயம். ஆக, சந்தேகப்பட முடிந்தவனுக்கு மட்டுமே கேட்கும் பொறுப்பு வருகிறது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றுகிறவன் பெரும்பாலும் தனக்கு நஷ்டத்தையே தேடிக்கொள்கிறான்.

தெளிவாக எழுதாதது கணவனின் தவறு, கொண்டுசேர்த்தவர்களின் தவறு, படித்தவளை ஏன் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்று கேட்கலாம். இதற்குச் சட்டம் சொன்ன பதில் ஒன்று இருக்கிறது. 1887 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் பிரிம்ரோஸ் என்ற கம்பளி வியாபாரி, கன்ஸாஸ் மாநிலத்திலிருந்த தன் ஏஜெண்டுக்குத் தந்தி அனுப்பினார். வியாபாரிகள் செலவைக் குறைக்கவும் ரகசியத்துக்காகவும் தங்களுக்குள் ஒரு குறிச்சொல் அகராதி வைத்துக்கொள்வது அந்தக் காலத்து வழக்கம். அவர்கள் அகராதியில் 'பே' என்ற சொல்லுக்கு 'நான் வாங்கிவிட்டேன்' என்று பொருள். ஏஜெண்டின் கைக்கு அது 'பை', அதாவது 'வாங்கு' என்று போய்ச் சேர்ந்தது. எழுத்தளவில் வித்தியாசம் ஏ-க்குப் பதில் யு. மோர்ஸில் ஏ என்பது ஒரு புள்ளியும் ஒரு கோடும். யு என்பது இரண்டு புள்ளியும் ஒரு கோடும். ஒரே ஒரு புள்ளி கூடிவிட்டது. ஏஜெண்டு கம்பளியை வாங்கிக் குவித்தார். நஷ்டம் 20,000 டாலருக்கு மேல்.

வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய் 1894-ல் முடிந்தது. தந்திக் கம்பெனி அந்தச் செய்திக்கு வாங்கிய கட்டணம் 1 டாலர் 15 சென்ட். அதற்கு மேல் அதற்குப் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. காரணம், தந்திப் படிவத்தின் பின்புறம் அச்சிட்டிருந்த நிபந்தனை. கட்டணத்தில் பாதியைக் கூடுதலாகச் செலுத்தினால், போய்ச் சேர்ந்த செய்தியை அங்கிருந்து திரும்ப வரவழைத்து மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பிரிம்ரோஸ் அந்தப் பாதியைச் செலுத்தவில்லை.

இந்த வழக்கில் என்னைப் பிடித்துக்கொண்டது தீர்ப்பு அல்ல, பிழையின் தன்மை. சொல் சிதைந்து உளறலாக வந்திருந்தால் ஏஜெண்டு கேட்டிருப்பார். பிழை புகுந்த பிறகும் வாக்கியம் முழுமையாக, காயமே இல்லாமல் நின்றது. 'வாங்கு' என்று முதலாளி சொல்வதில் வியப்பென்ன? அவருக்குச் சந்தேகம் வர வழியில்லை என்றே நினைக்கிறேன். திரும்ப வரவழைத்து ஒப்பிடும் ஏற்பாடு அவரைப் போன்றவர்களுக்காகவே இருந்தது. சந்தேகம் எழாத இடத்திலும் கேள்வியை ஒரு சடங்காகவே வைத்துவிடுவது அது. முக்கியமாக, சரக்கு வாங்குவதற்கு முன்பு கேட்டுவிடுவது.

இந்த 'முன்பு' என்ற சொல்லுக்காகத்தான் என் விஷயத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பழைய புத்தகம் ஒன்றின் நடுவில் 1974-ஆம் ஆண்டுத் தந்தி ஒன்று எனக்கு அகப்பட்டது. ஒரு நண்பனிடம் 400 ரூபாய் கடன் வாங்கியிருந்தேன். அவன் திருப்பிக் கேட்டபோது, 'அடுத்த மாதம் அனுப்பினால் போதும் அல்லவா?' என்று கடிதம் எழுதினேன். பதில் தந்தியாக வந்தது. தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த இரண்டே சொற்கள்: இல்லை அவசரம்.

'இல்லை, அவசரம்' என்றால் போதாது, இப்போதே வேண்டும். காற்புள்ளி இல்லாமல் 'இல்லை அவசரம்' என்று படித்தால் அவசரம் இல்லை. நான் இரண்டாவதைப் படித்தேன். அவசரம் இல்லை என்றுதான் தமிழில் சொல்வார்கள், இப்படிப் புரட்டிப் போட்டுச் சொல்பவன் கவிஞனாகத்தான் இருக்க வேண்டும்; என் நண்பன் கவிஞன் அல்ல. அதைவிட, அவசரம் இல்லை என்று சொல்வதற்கு எவனாவது தந்தி கொடுப்பானா? இலக்கணமும் பொதுப் புத்தியும் எனக்கு எதிராக இருந்தன. என் கையில் பணம் இல்லை என்பது மட்டும் எனக்குச் சாதகமாக இருந்தது. காணாமற்போன காற்புள்ளி அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டது.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு கார்டு எழுதினேன்: 'உன் தந்திக்கு என்ன அர்த்தம்?' பதில் வந்தது. மனைவியின் தையல் மிஷினை விற்றுவிட்டதாகவும், இனிப் பணத்துக்கு அவசரமில்லை என்றும் எழுதியிருந்தான். கடைசி வரியில், நிறுத்தக்குறிக்கும் காசு கேட்பார்களோ என்று பயந்து விட்டுவிட்டதாக ஒரு சமாதானம். என்மேல் ஒரு சொல் குறை இல்லை. தவறைத் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தான்.

என் கார்டு ஒரு கேள்விதான், இலக்கணப்படி. ஆனால் அறிந்துகொள்வதற்காக நான் அதைக் கேட்கவில்லை. எனக்கு அப்போது தெரியும். நான் தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதற்கு ஒரு சாட்சியம் உண்டாக்கி வைத்தேன். பதில் எதுவானாலும் எனக்கு நஷ்டம் வராத வேளையில் கேட்டேன். அவனுக்கோ கேள்வியால் பயனில்லாத வேளை.

என் கதையின் மனைவி ஏன் கேட்கிறாள் என்று நான் தேடிக்கொண்டிருந்தது வீண் வேலை. நேர்மை, பயம், கணவன்மேல் பிரியம், எது காரணமாக இருந்தாலும் சரி. வளை இன்னும் கடையிலேயே இருக்கும்போது அவள் கேட்டாள். 'வாங்காதே' என்று பதில் வந்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும்போது கேட்டாள். ஒரு கேள்வி உண்மையில் கேள்விதானா என்பதற்கு இதைவிட வேறு சோதனை எனக்குத் தெரியவில்லை.

2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி நின்றுபோயிற்று. அந்தத் தாள் மட்டும் என்னிடம் இருக்கிறது. விடுபட்ட இடத்தில் பேனாவால் ஒரு காற்புள்ளி போட்டுவிடலாமா என்று ஒருநாள் நினைத்தேன். போடவில்லை. முதல் நாளே நான் அதை அங்கே பார்த்துவிட்டேன்.