தேவைக்கு மட்டும் வரும் நண்பர்

அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்களோடு வேலை பார்த்தவர். இரண்டு வருடமாக ஒரு ஸலாம்கூட இல்லை, திடீரென்று போன்: "பாய், பத்தாயிரம் வேணும்." பழைய பாக்கியே வரவில்லை.

ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி), நபி (ஸல்) அவர்களுக்கு நபித்துவத்துக்கு முன்பே நண்பர். மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் கொடுத்தார்கள். பிறகுதான், பேராசையோடு எடுக்கும் பொருளில் பரக்கத் இல்லை, கொடுக்கும் கையே மேலானது என்று நேராகச் சொன்னார்கள். அதன்பின் ஹகீம் யாரிடமும் கேட்கவில்லை. அபூபக்ரும் உமரும் (ரலி) கூப்பிட்டுக் கொடுத்த பங்கைக்கூட வாங்கவில்லை.

"கையில் காசே இல்லை" என்று பொய் சொல்லாதீர்கள். ஆஸ்பத்திரிச் செலவென்றால் கதை வேறு. மற்றபடி இப்படிச் சொல்லுங்கள்: "பாய், கடன் தர முடியாது. இந்த ஆயிரம் ஹதியா, திருப்பித் தர வேணாம். இனி பணம் கேட்காதீங்க. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாங்க."