புள்ளி சமம், யார் மேலே?

2024 ஜூன் 11 இரவு. பேங்காக்கில் சிங்கப்பூரும் தாய்லாந்தும் மோதிய உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டத்தை நானும் தம்பியும் பார்த்துக்கொண்டிருந்தோம். சிங்கப்பூர் அதற்கு முன்பே வெளியேறிவிட்டது. “நமக்கு இனி என்ன இருக்குண்ணே, ஏன் இப்படி உயிரைக் கொடுத்து ஆடுறாங்க?” என்று தம்பி கேட்டான்.

நமக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் சீனாவுக்கு இருந்தது. அதே இரவில் சீனா தென்கொரியாவிடம் 1-0 என்று தோற்றது. தாய்லாந்து நம்மை 3-1 என்று வென்றது. இரண்டு அணிக்கும் 8 புள்ளிகள். அங்கே விதி, முதலில் மொத்த கோல் வித்தியாசத்தைப் பார்க்கச் சொல்கிறது. இரண்டும் 9 கோல் போட்டு, 9 கோல் வாங்கியிருந்தன. வித்தியாசமும் சமம், போட்ட கோலும் சமம். அதற்குப் பிறகுதான் நேருக்கு நேர் மோதிய ஆட்டங்கள் கணக்கில் வந்தன. சீனா தாய்லாந்தை ஒருமுறை 2-1 என்று வென்றிருந்தது, இன்னொரு ஆட்டம் 1-1. ஆகவே சீனா அடுத்த சுற்றுக்குப் போனது.

தாய்லாந்து இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால் அதுதான் போயிருக்கும். நம் கோல் காப்பாளர் ஹசான் சன்னி அன்று 11 முறை பந்தைத் தடுத்தார்.

இப்போது விதியை மாற்றிப் பாருங்கள். நேருக்கு நேர் ஆட்டம்தான் முதலில் என்றால், தாய்லாந்து நம்மை 7-0 என்று வென்றிருந்தாலும் சீனாதான் மேலே. ஹசான் தடுத்தது எதையுமே மாற்றியிருக்காது.

“அப்போ நேருக்கு நேர்தானே நியாயம்? ரெண்டு பேர் சண்டையை மூணாவது ஆள் ஏன் முடிவு செய்யணும்?” என்றான் தம்பி.

அதிலும் நியாயம் இருக்கிறது. மூன்றாவது அணி சோர்ந்துபோய் கோல்களை அள்ளிக் கொடுத்தால், பாதிப்பு வேறொருவருக்கு. ஸ்பெயின் லீக் அவன் பக்கம்தான். 2006-07 பருவத்தில் ரியால் மாட்ரிட், பார்சிலோனா இரண்டுக்கும் 76 புள்ளிகள். கோல் வித்தியாசம் பார்சிலோனாவுக்கு 45, மாட்ரிட்டுக்கு 26 மட்டுமே. ஆனால் நேருக்கு நேர் மோதலில் மாட்ரிட் 2-0 என்று வென்று, அடுத்ததை 3-3 என்று சமன் செய்திருந்தது. கிண்ணம் மாட்ரிட்டுக்கு. இங்கிலாந்து விதிப்படி என்றால் பார்சிலோனாவுக்குப் போயிருக்கும்.

இரண்டே ஆட்டம், மற்ற 36 ஆட்டங்களில் போட்ட கோலை ஓரம் தள்ளிவிட்டது. அதனால்தான் நான் கோல் வித்தியாசத்தின் பக்கம். எதிரியிடம் எப்படி ஆடினாய் என்று மட்டும் அது கேட்பதில்லை. எல்லாரிடமும் எப்படி ஆடினாய் என்று கேட்கிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு: தனக்கு ஒன்றும் கிடைக்காத அணியும் கடைசி விசில் வரை நேர்மையாக ஆட வேண்டும்.

அன்று சிங்கப்பூர் அப்படி ஆடியது. தம்பி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்க யார் பக்கம்?