முகத்தைக் குறி, பிறகு காடி வெட்டு!

தம்பி, அந்தப் பட்டி டப்பாவை மூடி வை! மேற்குத் தாம்பரத்தில் இடித்த பழைய வீட்டுத் தேக்கு உன் கையில் இருக்கிறது. நாலு பலகையை ஒட்டி அலமாரிக்குப் பக்கப் பலகை செய்திருக்கிறாய். ஒட்டிய கோட்டில் விரலை வைத்தால் படி தட்டுகிறது. பட்டி வைத்துத் தேய்த்து, பாலிஷ் அடித்தால் தெரியாது என்கிறாய். தேக்கில் தெரியும். ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழுகிற முதல் காலையிலேயே வீட்டுக்காரர் கண்ணில் படும்.

பெரியவர் முப்பது வருஷம் இழைப்புளி பிடித்த கை, அவருக்குத்தான் மட்டமாக வரும் என்று சொல்லாதே! அந்த மட்டத்தை உன் கைக்கும் கொடுப்பதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் லீஸ்டால் ஊரில் ஹெர்மன் ஸ்டைனர் என்ற மரவேலைக்காரர் 1950-களின் நடுவில் கண்டுபிடித்த இணைப்புக்கான கருவி அது. அப்போது புதிதாக வந்திருந்த பார்ட்டிகிள் போர்டை எப்படி ஒட்டுவது என்று தேடியபோது அவருக்கு அந்த இணைப்பு கிடைத்தது. பலகை விளிம்பில் பிறை வடிவக் காடி ஒன்றை வெட்டி, பீச் மரத்தை அழுத்திச் செய்த வில்லையைப் பசையோடு அதில் செருகினார். நாம் பிஸ்கட் என்கிற அந்த வில்லை, பசையின் ஈரத்தை உறிஞ்சி உப்பிக் காடிக்குள் இறுகிவிடும். இதற்கான கருவிதான் பிஸ்கட் ஜாயினர்.

அது உன்னிடம் கறாராகக் கேட்பது ஒன்றே ஒன்று: ஒவ்வொரு பலகைக்கும் முகம் எது என்று முடிவு செய். வெளியே தெரியப்போகும் பக்கத்தில் பென்சிலால் பெரிதாகக் குறி போடு. கருவியின் மேல்தடுப்பு அந்த முகத்தில் மட்டும்தான் உட்கார வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம்? கணக்கைப் பார். உன் பலகை 20 மி.மீ. கனம். காடியின் நடுக்கோடு முகத்திலிருந்து 10 மி.மீ. ஆழத்தில் வர வேண்டும். தடுப்பு கொஞ்சம் நகர்ந்து 9.5-ல் நிற்கிறது என்று வைத்துக்கொள். எல்லாப் பலகையையும் முகத்திலிருந்தே வெட்டினால் எல்லாக் காடியும் 9.5-ல்தான் இருக்கும், முகங்கள் ஒரே மட்டத்தில் வந்து சேரும். ஒரு பலகையைக் குப்புறப் போட்டு வெட்டியிருந்தால் அதன் காடி முகத்திலிருந்து 10.5-ல் போய் நிற்கும். ஒட்டியதும் ஒரு மி.மீ. படி. நீ பட்டி தேடுவது அந்த ஒரு மி.மீட்டருக்குத்தான்! காடி சரியாக நடுவில் விழவில்லையே என்று கலங்காதே. எல்லாம் ஒரே முகத்திலிருந்து வெட்டப்பட்டால் போதும். ஒரு பலகை 19 மி.மீ. இருந்தாலும் அந்த வித்தியாசம் பின்பக்கம் போய்விடும்.

இப்போது வேலைக்கு வா. 720 உயரம், 560 அகலம் உள்ள பக்கப் பலகைக்கு, 145 மி.மீ. அகலத்தில் நாலு பலகையை 760 நீளத்துக்கு வெட்டி வை. பழைய மரம் என்பதால் முதலில் காந்தத்தை ஓட்டிப் பார். உள்ளே ஒளிந்திருக்கும் ஒரே ஒரு ஆணி பிளேடின் பல்லை எடுத்துவிடும். அடுத்து விளிம்புகளை இழை. இரண்டு பலகையைப் பசையில்லாமல் சேர்த்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. இடுக்கில் வெளிச்சம் வந்தால் திரும்ப இழை. பிஸ்கட் இடுக்கை மூடாது. உயரத்தைச் சேர்ப்பது மட்டுமே அதன் வேலை.

பலகைகளை வரிசையாக அடுக்கி, ஒரு முனையிலிருந்து 80, 230, 380, 530, 680 மி.மீட்டரில் இணைப்புக்குக் குறுக்கே கோடு போடு. ஓர் இணைப்புக்கு ஐந்து, மூன்று இணைப்புக்குப் பதினைந்து பிஸ்கட். இங்கே உனக்குச் சலுகை உண்டு. காடி பிஸ்கட்டைவிட நீளம், அதனால் கோடு கொஞ்சம் தள்ளிப் போனாலும் பலகையை நீளவாக்கில் நகர்த்திச் சரி செய்யலாம். ஆனால் முனையிலிருந்து 80 என்பதை மாற்றாதே. பிறகு இரு முனையிலும் 20 மி.மீ. அறுத்து எடுப்பாய். காடி அந்த வெட்டுக்கு அருகே இருந்தால் அறுத்த முனையில் பிஸ்கட் பல்லைக் காட்டும்.

20-ஆம் எண் பிஸ்கட் எடு. 56 நீளம், 23 அகலம், 4 மி.மீ. கனம். காடி ஒவ்வொரு பலகையிலும் ஏறக்குறைய 12 மி.மீ. ஆழம் போகும். பலகையை மேசையில் கிளாம்ப் போட்டு நிறுத்து. இடது கையால் மேல்தடுப்பை முகத்தின்மேல் அழுத்து, வலது கையால் நிதானமாக உள்ளே தள்ளு. பின்னால் இருக்கும் மோட்டாரின் கனம் கருவியைச் சாய்க்கப் பார்க்கும். பின்கைப்பிடியை அழுத்துகிறவனுக்குக் காடி கோணலாகத்தான் விழும். தடுப்புக்கு அடியில் ஒரு சுருள் சீவல் கிடந்தாலும் அதே கதிதான், ஊதிவிட்டு வெட்டு. முதல் காடியைத் துண்டு மரம் இரண்டில் வெட்டி, பிஸ்கட் செருகி, நகத்தால் குறுக்கே தடவிப் பார்த்த பிறகு தேக்கில் கை வை!

பசையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஃபெவிகால் போன்ற தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில்தான் பிஸ்கட் உப்பும். எபாக்ஸியில் தண்ணீர் இல்லை, அதில் பிஸ்கட் செருகிய மாதிரியே கிடக்கும். விளிம்பு முழுக்கத் தடவு, காடியின் இரு சுவரிலும் தடவு. செருகியதும் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடும். உப்பிய பிறகு பலகையை நகர்த்த முடியாது. நாலையும் ஒரே மூச்சில் ஒட்டி வீரம் காட்டாதே. இரண்டிரண்டாக ஒட்டி, காய்ந்ததும் அந்த ஜோடிகளைச் சேர். கிளாம்பை ஒன்று மேலே, ஒன்று கீழே என்று மாற்றி மாற்றிப் போட்டால் பலகை வளையாது.

நம் ஊர்க் காற்றை மறந்துவிடாதே. ஐப்பசி, கார்த்திகை மழையில் முடிச்சூர் பக்கம் ஒரு தளத்தில் பிஸ்கட் பாக்கெட்டைத் திறந்து போட்டால், காற்றின் ஈரத்திலேயே அது உப்பிவிடும், பிறகு காடியில் நுழையாது. சுத்தியலால் அடிக்காதே. இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பையோடு வை.

ஒட்டிய மாலையே இழைக்கத் துடிப்பாய். பொறு! பசையின் ஈரத்தால் பிஸ்கட் இருக்கும் இடத்தில் மரம் மேலே கொஞ்சம் உப்பியிருக்கும். அப்போது மட்டமாகத் தேய்த்துவிட்டால், ஈரம் காய்ந்ததும் அதே இடங்கள் பள்ளமாகும். பாலிஷுக்குப் பிறகு வரிசையாக முட்டை வடிவக் குழிகள் தெரியும், அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. வெயில் காலத்தில் ஒரு நாள் முழுக்க, மழைக்காலத்தில் இரண்டு மூன்று நாள் விட்டுவிடு.

பிஸ்கட் பலம் கொடுக்கும் என்று வாடிக்கையாளரிடம் பெருமை பேசாதே. நார் நீளவாக்கில் ஓடும் விளிம்பு இணைப்பில் பலம் பசையுடையது. இந்தப் பலகையில் 18 மி.மீ. ப்ளைவுட் அடித்தட்டைப் பொருத்தும்போது இன்னொன்று கவனி. தேக்கு மழையில் அகலவாக்கில் விரியும், ப்ளைவுட் விரியாது. முன்பக்கப் பிஸ்கட்டுகளுக்குப் பசை வை. பின்பக்கத்து இரண்டையும் பசையில்லாமல் செருகி, அங்கே விளிம்பிலும் பசை தடவாமல் விடு. அடித்தட்டைத் தாங்க உள்ளே ஒரு தாங்குகட்டை வைத்து, அதன் திருகுத் துளைகளை அகலவாக்கில் கொஞ்சம் நீளமாகத் துளைத்துக்கொள்.